கூட்டி வகுத்த செழிப்பு

கொங்கு நாட்டில் ஊர் வருமானத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கணக்கு தவறாமல் வந்து நிற்கும். பெருந்துறையில் நூல் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் அதை இப்படிச் சொல்வார்: "ஏனுங்க, தமிழ்நாட்டுல தலைக்கு ரெண்டே முக்கா லட்சத்துக்கு மேல வருமானம்னு கவர்மெண்டே சொல்லுது. நம்ம பக்கம் அதைவிட ஜாஸ்தியாத்தான் இருக்கும். வீட்டுக்கு நாலு பேருன்னு வெச்சாக்கூட வருசத்துக்குப் பதினோரு லட்சமுங்க. அப்புறம் எதுக்குங்க மாசம் ஆயிரம் ரூவா உரிமைத்தொகை?"

பெருக்கலில் பிழையில்லை. தமிழக அரசின் பொருளாதார ஆய்வறிக்கை 2022-23க்குக் காட்டிய தனிநபர் வருமானம் சுமார் 2.78 லட்சம் ரூபாய். நான்கால் பெருக்கினால் 11 லட்சத்தைத் தாண்டும். மேடையில் பேசுபவர்களும் பத்திரிகையில் எழுதுபவர்களும் இதே பெருக்கலைக் கொஞ்சம் நாசூக்காகச் செய்கிறார்கள். கொங்கு மண்டலம் வளமானது, சராசரி உயர்ந்துவிட்டது, ஆகவே இங்கே கையேந்துகிறவன் விதிவிலக்கு என்பது அவர்களுடைய வாதம். இந்த வாதம் அடிமட்டத்திலிருந்தே தவறு என்கிறேன். எண் பொய் என்பதல்ல என் புகார். அந்த எண் வேறொரு கேள்விக்கான விடை.

முதலில், தனிநபர் வருமானம் என்பது எந்தக் குடும்பத்தையும் கேட்டு எழுதியதல்ல. மாநிலத்தில் ஓராண்டில் உற்பத்தியான மொத்த மதிப்பில் இயந்திரத் தேய்மானத்தைக் கழித்து, மிச்சத்தை மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். அந்த மிச்சத்துக்குள் கூலியும் சம்பளமும் இருக்கின்றன. வங்கிக்குப் போகும் வட்டியும், கம்பெனி பங்குதாரருக்குக் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்ட லாபமும் சேர்ந்தேதான் இருக்கின்றன. பெருந்துறை சிப்காட்டில் ஓர் ஆலை ஓடுகிறது, அதன் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தி நடந்த இடம் இதுவென்பதால் அந்த மதிப்பு ஈரோடு மாவட்டக் கணக்கில் ஏறும். லாபம் எந்த ஊர் வங்கிக்குப் போனாலும் கணக்கு இங்கேதான். அந்த ஆலையில் வேலைசெய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருப்பவர்களின் உழைப்பும் தொகுதியில் ஏறிவிடும். வகுக்கும் மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பை வைத்து முன்னே நீட்டிக் கணித்தது. வந்து சேர்ந்தவர்கள் அதில் எத்தனை பேர் அடங்கினார்கள் என்பது தனிக் கேள்வி. ஆக, தலைக்கு இவ்வளவு என்பது தலைகளின் கையில் இருக்கும் பணம் அல்ல. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான்கால் பெருக்கிக் குடும்ப வருமானம் என்று சொல்வது செல்லாது.

ஆனால் நான் சண்டைக்கு வந்தது இதற்காக இல்லை. வீடுவீடாகப் போய், ஒளிவுமறைவில்லாமல் வருமானத்தைக் கேட்டு எழுதிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் கூட்டி வகுத்தால் தவறான விடைதான் வரும். அது ஏன் என்று ஒரு தெருவை வைத்துப் பார்க்கலாம்.

கற்பனைத் தெருதான், ஆனால் பெருந்துறையைச் சுற்றி எங்கும் காணக்கூடியது. பதினொரு வீடுகள். முதியோர் உதவித்தொகையும் இரண்டு ஆடுமாக ஒரு வயதான தம்பதி, மாதம் 9,000. விசைத்தறிக் கூலிக்குப் போகும் வீடு 12,000. அடுத்தது 14,000. சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி இருக்கும் இரண்டு வீடுகள், தலா 15,000. சாயப்பட்டறை வேலையும் நூறு நாள் வேலையும் சேர்ந்த வீடு 18,000. பனியன் கம்பெனிக்குப் பேருந்தில் போகும் டெய்லர் வீடு 21,000. பிறகு மளிகைக்கடை 26,000, டெம்போ ஓட்டுபவர் 32,000, ஆசிரியர் வீடு 48,000. கடைசியில் சைசிங் மில் முதலாளி, நான்கரை லட்சம்.

கூட்டினால் 6,60,000. பதினொன்றால் வகுத்தால் 60,000. "இந்தத் தெருவில் சராசரி வருமானம் மாதம் அறுபதாயிரம்" என்று அறிக்கை எழுதலாம், பொய் கிடையாது. ஆனால் பத்து வீடுகள் அந்த எண்ணுக்குக் கீழே இருக்கின்றன, ஆசிரியர் வீடு உட்பட. மேலே இருப்பது ஒரே வீடு, அதுவும் ஏழரை மடங்கு மேலே. அறுபதாயிரத்துக்கு அருகில்கூட ஒரு வீடும் இல்லை.

வருமானத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் நிறுத்தி நட்ட நடுவில் நிற்கும் வீட்டைக் கேளுங்கள். ஆறாவது வீடு, 18,000. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இதற்கு இடைநிலை அளவு என்று பெயர் வைத்திருக்கிறது. மேலே ஐந்து வீடு, கீழே ஐந்து வீடு. முதலாளியின் வருமானம் ஒரே ஆண்டில் இரட்டித்து ஒன்பது லட்சமானால் கூட்டுச் சராசரி ஒரு லட்சத்தைத் தாண்டும். அந்த ஆண்டு வேறெந்த வீட்டிலும் ஒரு ரூபாய் கூடியிருக்காது. இடைநிலை அளவு அசையாமல் 18,000 என்றே சொல்லும்.

உரிமைத்தொகைக்கு வருகிறேன். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது வைத்த வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம், மாதக் கணக்கில் சுமார் 20,833 ரூபாய். நம் தெருவில் அந்த வரம்புக்குக் கீழே ஆறு வீடுகள் வருகின்றன, அதாவது பாதிக்கு மேல். சராசரி அறுபதாயிரம் உள்ள தெருவில் ஆயிரம் ரூபாய் எதற்கு என்று கேட்கிற நண்பருக்கு இதைவிட நேரான பதில் இல்லை. திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம், அதில் நான் இறங்கவில்லை. ஆனால் அந்த விவாதத்தில் கூட்டுச் சராசரிக்கு வேலையே இல்லை.

வருமானம் ஏன் இப்படி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது? மனிதர்களின் உயரம் அப்படிப் போவதில்லையே. உயரத்துக்கு மேலும் ஓர் எல்லை, கீழும் ஓர் எல்லை. வருமானத்துக்குக் கீழே தரை உண்டு, மேலே கூரை இல்லை. அதைவிட முக்கியமான காரணம், வருமானம் சதவீதத்தில் வளர்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி 10 சதவீதம் கூடியதாக வையுங்கள். இதைவிட நியாயமான வளர்ச்சி இருக்க முடியாது. ஒப்பந்தத் தொழிலாளி வீட்டில் 1,500 கூடும், ஆசிரியர் வீட்டில் 4,800, முதலாளி வீட்டில் 45,000. கூட்டுச் சராசரி 60,000த்திலிருந்து 66,000 ஆகும், அதாவது 6,000 கூடும். பத்து வீடுகளில் எந்த ஒரு வீட்டிலும் 6,000 கூடவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றாத ஆண்டிலேயே நிலைமை இது. "சராசரிக் குடும்ப வருமானம் ஆறாயிரம் உயர்ந்தது" என்ற தலைப்பைப் படித்துவிட்டு, நம் வீட்டில் மட்டும் ஏன் உயரவில்லை என்று ஒருவர் யோசித்தால் அவர் மேல் தவறில்லை.

கற்பனைத் தெருவை வைத்து வாதம் ஜெயித்தால் அது ஜெயிப்பல்ல என்பார்கள். சரி, உண்மையான கணக்குக்குப் போவோம். இந்தியாவில் குடும்ப வருமானத்தை நாடு முழுக்கத் தொடர்ந்து அளக்கும் அரசு ஆய்வு இல்லாததால் செலவைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரை 2,61,746 குடும்பங்களில் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வை நடத்தியது. நகர்ப்புற இந்தியாவில் ஒரு நபரின் மாதச் செலவு சராசரியாக 6,459 ரூபாய் என்பது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. கிராமப்புறத்துக்கு 3,773 ரூபாய்.

அதே அறிக்கையில் இன்னொரு அட்டவணை இருக்கிறது. மக்களைச் செலவின்படி வரிசையில் நிறுத்தி, பெரும்பாலும் பத்துப் பத்து சதவீதமாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் சராசரிச் செலவையும் தந்திருக்கிறார்கள். நகர்ப்புறத்தில் 40 முதல் 50 சதவீதம் வரையுள்ளோர் 4,963 ரூபாய் செலவிடுகிறார்கள். அடுத்த பத்து சதவீதத்தினர் 5,662. நடு ஆள் இந்த இரண்டுக்கும் மத்தியில் நிற்கிறார், ஆகவே இடைநிலை அளவு சுமார் 5,310. கூட்டுச் சராசரி அதைவிட 1,150 ரூபாய் அளவுக்கு மேலே இருக்கிறது. அந்த 6,459 எங்கே விழுகிறது என்று தேடினால், 60 முதல் 70 சதவீதம் வரையுள்ள பிரிவுக்குள் விழுகிறது (அந்தப் பிரிவின் சராசரி 6,524). இடையில் பங்கிட்டுப் பார்த்தால் நூற்றில் 63, 64 பேர் 'சராசரிக்கு'க் கீழே. கிராமப்புறத்திலும் நூற்றில் 62 பேர். இழுப்பது யார் என்பதும் அங்கேயே இருக்கிறது. நகரத்தின் உச்சி 5 சதவீதத்தினர் மாதம் 20,824 ரூபாய் செலவிடுகிறார்கள், அடிமட்ட 5 சதவீதத்தினர் 2,001.

இது செலவு என்பதைக் கவனியுங்கள். 20,000 சம்பாதிப்பவர் ஏறக்குறைய முழுவதையும் செலவழித்துவிடுவார். நான்கரை லட்சம் சம்பாதிப்பவர் அவ்வளவையும் தின்று உடுத்தித் தீர்க்க முடியாது, மிச்சம் நிலமாகவும் தறியாகவும் வைப்பாகவும் போய்விடும். அதனால் வருமானத்தின் சாய்வு செலவின் சாய்வைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் சொன்னால் கூட்டுச் சராசரியின் பக்கத்திலிருந்து இரண்டு பதில்கள் வரும். முதலாவது, "அந்த ஒரு முதலாளியை நீக்கிவிட்டுக் கணக்குப் போடுங்களேன்" என்பது. ஆய்வகத்தில் தராசு கெட்டுப்போய் வந்த எடையை நீக்கலாம், அது தவறான அளவு. சைசிங் மில் முதலாளி தவறான அளவல்ல, அந்தத் தெருவில் குடியிருக்கும் மனிதர். அவரை நீக்கினால் அடுத்து ஆசிரியரை ஏன் நீக்கவில்லை என்ற கேள்வி வரும். எந்த எண்ணில் வெட்டுவது என்பதை வெட்டுகிறவரே தீர்மானிக்க வேண்டியிருக்கும். சராசரியைத் தனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்த அதைவிட வசதியான வழி கிடையாது.

இரண்டாவது பதில் கொஞ்சம் படித்தவர்களிடமிருந்து வரும். "பதினொரு வீடு என்பதால் இப்படி. லட்சக்கணக்கில் எடுத்தால் எல்லாம் சமனாகிவிடும்." ஆகாது. மாதிரி பெரிதானால் நாம் கண்டுபிடிக்கும் சராசரி உண்மையான சராசரிக்கு நெருங்கி வரும், அவ்வளவுதான். உண்மையான சராசரியே நடு ஆளுக்கு மேலே இருக்கும்போது, எத்தனை லட்சம் வீடு ஏறி இறங்கினாலும் அது இறங்கி வராது. மேலே பார்த்த ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் இருந்தன. நகர்ப்புறக் கூட்டுச் சராசரி இடைநிலை அளவைவிட 20 சதவீதத்துக்கு மேல் உயர்ந்துதான் நிற்கிறது.

இந்த இடத்தில் என் பக்கத்து ஆட்களோடும் சற்று முரண்பட வேண்டியிருக்கிறது. சமீப காலமாக "சராசரி ஏமாற்றும், இடைநிலை அளவுதான் நேர்மையானது" என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. எண்ணுக்கு நேர்மை கிடையாது. இடைநிலை அளவும் தன் வேலையை மட்டும்தான் செய்யும். நம் தெருவில் தறி ஓடாத ஒரு பருவத்தில் கீழேயுள்ள ஐந்து வீடுகளின் வருமானமும் பாதியாகிவிட்டதாக வையுங்கள். ஆறாவது வீடு அதே 18,000. இடைநிலை அளவு மாறாது! ஐந்து வீடுகளில் அடுப்பு அணைந்தும் நடு எண் சலனமில்லாமல் இருக்கும். முதலாளியின் இரட்டிப்பைக் கண்டு அசையாததைப் பாராட்டினோம், அதே குணம் இங்கே கண்ணை மூடிக்கொள்கிறது. அடிமட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் அடிமட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். கீழிருந்து பத்தாவது சதவீதத்தில் நிற்பவர் எவ்வளவு பெறுகிறார் என்று கேட்க வேண்டும். நடுவில் நிற்பவரிடம் அதைக் கேட்டுப் பயனில்லை.

மொத்தம் வேண்டிய இடத்தில் இடைநிலை அளவு உதவவே உதவாது. தெருவின் எல்லா வீடுகளிலும் சேர்ந்து எவ்வளவு பணம் புழங்குகிறது என்று வங்கிக் கிளை மேலாளர் கேட்டால் 60,000த்தைப் பதினொன்றால் பெருக்கிச் சரியான விடை சொல்லலாம். 18,000த்தைப் பெருக்கினால் 1,98,000 வரும், அது எதுவுமில்லை. வார்டு வாரியாகச் சராசரி தெரிந்தால், வீடுகளின் எண்ணிக்கையை வைத்து ஊருக்கே சராசரி கண்டுவிடலாம். வார்டு வாரியாக இடைநிலை அளவு தெரிந்து என்ன செய்தாலும் ஊரின் இடைநிலை அளவு கிடைக்காது, எல்லா வீடுகளையும் மறுபடி ஒரே வரிசையில் நிறுத்தியாக வேண்டும். குடிநீர்த் தொட்டி எவ்வளவு கொள்ள வேண்டும், வரி எவ்வளவு வசூலாகும் என்பதற்கெல்லாம் கூட்டுச் சராசரிதான் சரி. குடும்பம் எப்படி வாழ்கிறது என்று கேட்கும்போது மட்டும் அதை அங்கே கூட்டிக்கொண்டு வரக்கூடாது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, முகடு. அடிக்கடி வரும் எண். பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்வியோடு அதை மறந்துவிடுகிறோம். பெருந்துறைக்காரர்கள் மட்டும் மறக்கக்கூடாது, ஏனென்றால் அது அவர்களுடைய ஏலத்தில் புழங்குகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலிருந்து மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்துக்குப் போகும் விலை விவரத்தில் மூன்று எண்கள் இருக்கும்: குறைந்தபட்ச விலை, அதிகபட்ச விலை, முகட்டு விலை. சரக்கில் பெரும்பகுதி எந்த விலைக்குக் கைமாறியதோ அதுதான் மூன்றாவது. அங்கே கூட்டி வகுத்த விலையைப் போடவில்லை, அது சரியான முடிவு.

ஏன் என்று கொப்பரையில் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைப்பவை. ஒரே எடையுள்ள 20 குவியல்கள் ஏலத்துக்கு வந்தன. நன்றாகக் காய்ந்த 14 குவியல் கிலோ 150க்குப் போயின, 4 குவியல் 146க்கு. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த 2 குவியல் 60க்குத்தான் போயின. கூட்டி வகுத்தால் 140 ரூபாய் 20 காசு. அந்த விலைக்கு அன்று ஒரு குவியலும் விற்கவில்லை. காய்ந்த சரக்கை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் கொண்டுபோகலாமா என்று யோசிக்கும் விவசாயிக்குத் தேவை 150, அது முகடு. வருமானத்தில் சாய்வு மேல்பக்கம் இழுத்தது, இங்கே இரண்டு கெட்ட குவியல்கள் கீழ்ப்பக்கம் இழுக்கின்றன. ஆகவே கூட்டுச் சராசரி எப்போதும் பெரிதாகக் காட்டும் என்று யாரும் பாடம் பண்ணிக்கொள்ள வேண்டாம், நீண்ட வால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அது போகும். இருபது குவியலையும் மொத்தமாக வாங்கி எண்ணெய் ஆட்டப் போகிற வியாபாரிக்கோ 140.20தான் அடக்கவிலை. ஒரே ஏலக்கூடம், ஒரே நாள், இரண்டு பேருக்கு இரண்டு சராசரி. இருவருமே சரி.

வருமானத்தில் முகட்டைப் பயன்படுத்தலாமா என்றால், நான் தயங்குவேன். நம் தெருவில் முகடு 15,000, இரண்டே இரண்டு வீடுகளால் வந்தது. ஒரு வீட்டுக்காரர் 15,200 என்று துல்லியமாகச் சொல்லியிருந்தால் முகடே இருந்திருக்காது. ஆய்வுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், மக்கள் வருமானத்தைப் பத்தாயிரம், பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று முழு எண்ணில்தான் சொல்வார்கள். முகடு அந்த முழு எண்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். வகுப்பு இடைவெளியை 5,000 என்று வைத்தால் ஒரு முகடு, 8,000 என்று வைத்தால் இன்னொரு முகடு.

இங்கே பள்ளிப் பாடத்தோடு ஒரு சின்னக் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. முகட்டுக்கு ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்திருப்போம்:

முகடு ≈ 3 × இடைநிலை அளவு − 2 × கூட்டுச் சராசரி

லேசாகச் சாய்ந்த தரவுக்கு மட்டும் பொருந்தும் தோராயம் இது. அந்த நிபந்தனை தேர்வு முடிந்ததும் மறந்துவிடும், சூத்திரம் மட்டும் நினைவில் தங்கிவிடும். நம் தெருவில் போட்டால் 54,000 கழித்தல் 1,20,000. முகட்டு வருமானம் மைனஸ் 66,000 ரூபாய்! நகர்ப்புறச் செலவுக்குப் போட்டால் சுமார் 3,010 வரும். பத்து சதவீதப் பிரிவுகளின் சராசரிகள் எங்கே ஒன்றோடொன்று மிக நெருங்கியிருக்கின்றனவோ அங்கேதான் ஆட்கள் நெருக்கமாக இருக்கிறார்கள். அட்டவணையில் அந்த நெருக்கம் 3,762க்கும் 4,348க்கும் இடையில், அதாவது முகடு நாலாயிரத்தை ஒட்டி இருக்கிறது. சூத்திரம் ஆயிரம் ரூபாய் தள்ளிப் போய் விழுகிறது. மூன்று சராசரிகளும் ஒன்றையொன்று கணித்துக்கொடுக்கும் உறவுக்காரர்கள் என்ற எண்ணம் சாய்ந்த தரவில் நிற்பதில்லை.

சரி, அடுத்த முறை யாராவது "சராசரிக் குடும்பம்" என்றால் என்ன கேட்பது? நான் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த எண்ணுக்குக் கீழே எத்தனை சதவீதம் பேர்? பாதிக்குப் பக்கமாக இருந்தால் கூட்டுச் சராசரியையே வைத்துக்கொள்ளுங்கள், தகராறு இல்லை. அறுபதைத் தாண்டினால் இடைநிலை அளவைக் கேளுங்கள். பதில் தெரியாது என்றால் அவர் தரவைப் பார்க்கவில்லை, முடிவை மட்டும் எடுத்து வந்திருக்கிறார். கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் நோட்டீஸ்களில் அச்சாகும் 'சராசரி பேக்கேஜ்' எண்ணிடமும் இதையே கேட்டுப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

ஐரோப்பிய நாடுகள் வறுமை அபாயக் கோட்டை இடைநிலை வருமானத்தின் 60 சதவீதத்தில் வைத்திருப்பதற்கும் காரணம் இதுதான். நம் தெருவில் அந்தக் கோடு 10,800, அதற்குக் கீழே அந்த முதிய தம்பதி மட்டும் வருகிறார்கள். கூட்டுச் சராசரியின் 60 சதவீதம் என்று வைத்தால் கோடு 36,000 ஆகும். பதினொன்றில் ஒன்பது வீடுகள் ஏழைகளாகிவிடும், டெம்போக்காரர் உட்பட. முதலாளி இன்னும் சம்பாதித்தால் ஆசிரியரும் ஏழையாவார். கூட்டுச் சராசரியைத் தவறான இடத்தில் வைத்தால் பணக்கார ஊர் என்றும் நிரூபிக்கலாம், பிச்சைக்கார ஊர் என்றும் நிரூபிக்கலாம் என்பதை நண்பர் கவனிக்க வேண்டும். அவருக்குச் சாதகமாக மட்டும் அது வேலை செய்யாது.

எதை எண்ணுகிறோம் என்பதும் விடையை மாற்றும். 18,000 வரும் வீட்டில் இரண்டு பேர் இருப்பதும் ஆறு பேர் இருப்பதும் ஒன்றல்ல. வீடுகளை வரிசையில் நிறுத்தினால் ஒரு நடு, ஆட்களை நிறுத்தினால் வேறொரு நடு. நுகர்வுச் செலவு ஆய்வு ஆட்களை நிறுத்துகிறது. 'குடும்ப வருமானம்' என்று தலைப்பிட்ட அறிக்கைகள் பெரும்பாலும் வீடுகளை நிறுத்தும். இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுபவர் அதைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும்.

வருமானத்தையே நேரடியாகக் கேட்கும் தேசிய ஆய்வுக்கு இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது. 2025இல் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் சுர்ஜித் பல்லா தலைமையில் நிபுணர் குழு அமைத்து, 2026இல் தேசிய வீட்டு வருமான ஆய்வு நடத்தப்போவதாக அறிவித்தது. இதற்கு முன் முயலாமல் இல்லை. 1955இலும் 1958-59இலும் மாதிரிக் கணக்கெடுப்புகளில் சோதனையாக வருமானத்தைக் கேட்டார்கள், 1960களிலும் கேட்டார்கள். கிடைத்த வருமானம், மக்கள் செலவழித்ததும் சேமித்ததும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக வந்ததால் கைவிட்டார்கள். வருமானத்தை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. அதிலும் பெரிய வீடுகளின் கதவு அவ்வளவு எளிதில் திறப்பதில்லை.

கணக்கெடுப்பாளர் வரும் நாளில் நம் தெரு முதலாளி திருப்பூர் போய்விட்டார், கேட் பூட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வீடுகள்தான் படிவத்தில் ஏறும். கூட்டுச் சராசரி 60,000த்திலிருந்து 21,000த்துக்கு விழும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இடைநிலை அளவு 18,000த்திலிருந்து 16,500 ஆகும். புதிய ஆய்வின் முடிவு வெளியாகும் நாளில் எல்லோரும் கூட்டுச் சராசரியைத்தான் தலைப்பில் போடுவார்கள். அது உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும், எத்தனை பெரிய வீடுகள் கதவு திறந்தன என்ற விவரம் கையில் வரும்வரை அந்தத் தலைப்பை வைத்து ஒரு முடிவும் சொல்ல முடியாது. சதவீதப் பிரிவு அட்டவணை அறிக்கையின் பிற்பகுதியில் எங்காவது இருக்கும். நான் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவேன்.